மைனஸ் எடை உள்ள சாலை கிராஃபில் எல்லா முனைகளுக்கும் இடையே குறைந்த செலவு: ஜான்சன் முறை

கேள்வி: மலைப்பகுதிச் சாலைகளை வைத்து மின்சாரக் காருக்கான ஒரு கிராஃப் செய்திருக்கிறேன். 8,000 சந்திப்புகள், 20,000 ஒருவழி விளிம்புகள். எடை என்பது அந்தத் துண்டில் செலவாகும் வாட்-மணி. இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதால் சில விளிம்புகளில் எடை மைனஸில் வருகிறது. எந்தச் சந்திப்பிலிருந்தும் எந்தச் சந்திப்புக்கும் குறைந்தபட்சச் செலவு வேண்டும். ஃபிளாய்ட்-வார்ஷல் முடியவே மாட்டேன் என்கிறது. டைக்ஸ்ட்ரா தப்பான விடை தருகிறது. எல்லா எடையிலும் ஒரே எண்ணைக் கூட்டி மைனஸை நீக்கிப் பார்த்தேன், அப்போது வேறு பாதையைக் காட்டுகிறது. என்ன செய்வது?

பதில்:

எடையைக் கூட்டி மைனஸை நீக்கலாம் என்ற யோசனை சரிதான். எல்லா விளிம்புக்கும் ஒரே எண்ணைக் கூட்டியதில்தான் கோளாறு. ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களின் வித்தியாசத்தை விளிம்பில் கூட்டினால் மைனஸும் போகும், பாதையும் மாறாது. டொனால்ட் ஜான்சன் 1977-இல் வெளியிட்ட முறை இது. உங்கள் கிராஃப் போல முனைகள் நிறைய இருந்து விளிம்புகள் குறைவாக இருக்கும் இடத்துக்காகவே செய்யப்பட்டது.

முதலில் உங்கள் முயற்சி ஏன் பாதையை மாற்றியது என்று ஒரு சின்ன கிராஃபில் பார்த்துவிடுவோம். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன். முனைகள் 0 முதல் 4 வரை, விளிம்புகள் ஏழு:

```
0→1:  3
0→2:  5
2→1: -4
1→3:  2
3→2:  6
3→4: -1
4→0:  1
```

0-விலிருந்து 1-க்கு நேராகப் போனால் செலவு 3. 2 வழியாகச் சுற்றிப் போனால் 5 − 4 = 1. ஆக, சுற்றுவழிதான் மலிவு. இப்போது எல்லா விளிம்பிலும் 4 கூட்டுங்கள். நேர்வழி 7 ஆகிறது. சுற்றுவழியில் இரண்டு விளிம்புகள் இருப்பதால் 4 இரண்டு முறை ஏறி, 9 ஆகிறது. மலிவான பாதை தோற்றுவிட்டது. ஒவ்வொரு பாதைக்கும் அதில் எத்தனை விளிம்புகள் இருக்கின்றனவோ அத்தனை முறை அபராதம் விழுகிறது; உங்களுக்கு வந்த புதுப் பாதை பெரும்பாலும் துண்டுகள் குறைவாக உள்ள பாதையாகத்தான் இருக்கும்.

நமக்கு வேண்டியது வேறு மாதிரியான கூட்டல். ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே அளவு மாற்றம் வர வேண்டும், நடுவில் எத்தனை விளிம்புகள் இருந்தாலும். அதற்கு முனை ஒவ்வொன்றுக்கும் `h` என்று ஓர் எண் வைத்துக்கொண்டு, விளிம்பின் எடையை இப்படி மாற்றுகிறோம்:

```
w'(u,v) = w(u,v) + h(u) - h(v)
```

ஒரு பாதை நெடுக இதைக் கூட்டிப் பாருங்கள். ஒரு முனைக்குள் வரும்போது அதன் `h` கழிபடுகிறது, அதே முனையிலிருந்து வெளியே போகும்போது கூட்டப்படுகிறது. இடையில் உள்ள முனைகளின் `h` எல்லாம் அடிபட்டுப் போகின்றன. கடைசியில் மிஞ்சுவது தொடக்க முனையின் `h`-இலிருந்து முடிவு முனையின் `h`-ஐக் கழித்தது மட்டும். 0-விலிருந்து 1-க்குப் போகும் எந்தப் பாதையானாலும் மாற்றம் `h(0) - h(1)` தான். ஆகவே எது மலிவோ அது மலிவாகவே இருக்கும், `h` என்ன எண்ணாக இருந்தாலும் சரி. விடை கிடைத்த பிறகு அந்த வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தால் உண்மையான செலவு வந்துவிடும்.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். `w'` எதுவும் மைனஸாகாதபடி `h`-ஐ எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கிராஃபில் இதற்கு இயற்பியலே ஒரு விடை வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால் இந்த முறை என்ன செய்கிறது என்பது கையில் பிடிபடும். 1,500 கிலோ எடையுள்ள கார், 3 கிலோமீட்டர் சாலை, 200 மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். இறங்கும்போது விடுபடும் நிலையாற்றல் 1,500 × 9.8 × 200 ஜூல், அதாவது சுமார் 817 வாட்-மணி. இதில் டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் 300 போகிறது என்று கொள்வோம். மிச்சம் 517. அதில் 70 சதவீதம் பேட்டரிக்குத் திரும்பினால் 362. ஆக அந்த விளிம்பின் எடை −362.

இப்போது ஒவ்வொரு சந்திப்புக்கும் `h` ஆக அந்த இடத்தின் நிலையாற்றலையே, அதாவது காரின் எடை × 9.8 × உயரத்தை, வாட்-மணியில் போடுங்கள். மேல்முனையின் `h` கீழ்முனையைவிட 817 அதிகம். மாற்றிய எடை −362 + 817 = 455. இந்த 455 வெறும் கணக்கு வசதிக்கு வந்த எண் அல்ல. உராய்வில் போன 300, மோட்டாரில் மின்சாரமாக மாற்றும்போது வீணான 155, இரண்டும் சேர்ந்தது. அந்தச் சாலையில் நிஜமாகவே வெப்பமாகப் போய்த் தொலைந்த ஆற்றல்தான் `w'`. அது மைனஸாக வாய்ப்பே இல்லை. அதே சாலையில் ஏறும்போது சக்கரத்துக்கு 817 + 300 = 1,117 வேண்டும். மோட்டார் 85 சதவீதத் திறனில் ஓடினால் பேட்டரியிலிருந்து சுமார் 1,314 எடுக்கும். மாற்றிய எடை 1,314 − 817 = 497. இதுவும் ப்ளஸ்.

ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். பழைய எடையில் 1,314 − 362 = 952. புது எடையில் 497 + 455 = 952. தொடக்கமும் முடிவும் ஒரே முனை என்பதால் சுழற்சியின் மொத்தம் மாறவே மாறாது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

உயரத் தகவல் சுத்தமாக இருந்தால் `h`-க்கு இதையே பயன்படுத்தலாம். ஆனால் நான் பரிந்துரைப்பது அதை அல்ல, எடைகளிலிருந்தே `h`-ஐக் கணக்கிடும் பொதுவான வழியைத்தான். உயரத் தகவலில் சில மீட்டர் பிழை இருப்பது சகஜம். எடையை ஒரு மூலத்திலிருந்தும் உயரத்தை வேறொரு மூலத்திலிருந்தும் எடுத்திருந்தால் அங்கங்கே `w'` மைனஸில் எட்டிப் பார்க்கும். எடைகளிலிருந்தே வரும் `h` அந்த எடைகளுக்குப் பொருந்தாமல் போகாது.

ஜான்சன் செய்தது இதுதான். கிராஃபுக்கு வெளியே ஒரு கற்பனை முனையை வைத்து, அதிலிருந்து எல்லா முனைக்கும் 0 எடையில் ஒரு விளிம்பு போடுகிறோம். அந்தக் கற்பனை முனையிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் உள்ள குறைந்த தூரத்தை பெல்மன்-ஃபோர்ட் அல்காரிதத்தால் கண்டுபிடிக்கிறோம். பெல்மன்-ஃபோர்டுக்கு மைனஸ் எடை ஒரு பிரச்சினையே இல்லை. அந்தத் தூரங்கள்தான் `h`.

இது ஏன் வேலை செய்கிறது என்பது ஒரே வரியில் அடங்கும். `h(v)` என்பது v-க்கு உள்ள ஆகக் குறைந்த தூரம். u-வுக்குப் போய் அங்கிருந்து u→v விளிம்பில் வருவதும் v-க்கு ஒரு வழிதான், எனவே அதைவிட `h(v)` அதிகமாக இருக்க முடியாது. அதாவது `h(v) ≤ h(u) + w(u,v)`. வலப்பக்கத்துக்கு எல்லாவற்றையும் தள்ளினால் `w(u,v) + h(u) - h(v) ≥ 0`. நமக்கு வேண்டியதும் அதுவே.

கற்பனை முனை எதற்கு, இருக்கும் ஒரு சந்திப்பிலிருந்தே தொடங்கக் கூடாதா என்று தோன்றலாம். அந்தச் சந்திப்பிலிருந்து எட்ட முடியாத இடம் ஒன்று இருந்தாலும் அதன் `h` முடிவிலியாகிவிடும். அப்படிப்பட்ட இரண்டு முனைகளுக்கு இடையில் விளிம்பு இருந்தால் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்க வேண்டி வரும், கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஒருவழிச் சாலைகள் இருக்கும் வரைபடத்தில், அதுவும் வரைபட ஓரத்தில் வெட்டப்பட்ட சாலைகளில், இது கட்டாயம் நடக்கும். கற்பனை முனையிலிருந்து எல்லா இடத்துக்கும் விளிம்பு இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. நிரலில் அந்த முனையை நிஜமாகச் சேர்க்கக்கூட வேண்டாம். எல்லா `h`-ஐயும் 0 என்று தொடங்கினாலே அந்த 0 எடை விளிம்புகளைக் கடந்துவிட்டதாக அர்த்தம்.

நம் சின்ன கிராஃபில் செய்து பார்ப்போம். எல்லாம் 0-வில் தொடங்குகிறது. விளிம்புகளை மேலே எழுதிய வரிசையிலேயே எடுக்கிறேன். 0→1, 0→2 எதையும் குறைக்கவில்லை. 2→1 வழியாக முனை 1-இன் `h` −4 ஆகிறது. 1→3 வழியாக முனை 3 −2 ஆகிறது. 3→2 பயனில்லை. 3→4 வழியாக முனை 4 −3, 4→0 வழியாக முனை 0 −2. இரண்டாவது சுற்றில் எதுவும் மாறவில்லை, முடிந்தது. முனை 0 முதல் 4 வரை `h` முறையே −2, −4, 0, −2, −3. மாற்றிய எடைகள்:

```
0→1:  3 - 2 + 4 = 5
0→2:  5 - 2 - 0 = 3
2→1: -4 + 0 + 4 = 0
1→3:  2 - 4 + 2 = 0
3→2:  6 - 2 - 0 = 4
3→4: -1 - 2 + 3 = 0
4→0:  1 - 3 + 2 = 0
```

மைனஸ் ஒன்றுமில்லை. நிறைய 0 வந்திருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கற்பனை முனையிலிருந்து வரும் மலிவான பாதைகளில் இருக்கும் விளிம்புகள் எல்லாம் 0 ஆகத்தான் மாறும். டைக்ஸ்ட்ராவுக்கு 0 எடையால் எந்தச் சிக்கலும் இல்லை.

3-லிருந்து 1-க்கு டைக்ஸ்ட்ரா ஓட்டுங்கள். 3→2→1 வழியில் புதுச் செலவு 4. 3→4→0→2→1 என்று சுற்றினால் 0 + 0 + 3 + 0 = 3. இரண்டாவதுதான் மலிவு. உண்மையான செலவுக்குத் திரும்ப `h(3)`-ஐக் கழித்து `h(1)`-ஐக் கூட்ட வேண்டும்: 3 + 2 − 4 = 1. பழைய எடைகளில் சரிபார்த்தால் −1 + 1 + 5 − 4 = 1. பொருந்துகிறது. திருப்பும்போது குறி மாறிப்போவது இந்த முறையில் அடிக்கடி நடக்கும் பிழை. மாற்றும்போது தொடக்கத்தைக் கூட்டி முடிவைக் கழித்தோம், திருப்பும்போது தொடக்கத்தைக் கழித்து முடிவைக் கூட்ட வேண்டும்.

பைத்தானில் முழுதும் இவ்வளவுதான்:

```python
import heapq

def potentials(n, edges):
    h = [0] * n
    for _ in range(n):
        changed = False
        for u, v, w in edges:
            if h[u] + w < h[v]:
                h[v] = h[u] + w
                changed = True
        if not changed:
            return h
    return None

def from_source(s, adj, h):
    INF = float("inf")
    d = [INF] * len(adj)
    d[s] = 0
    pq = [(0, s)]
    while pq:
        du, u = heapq.heappop(pq)
        if du > d[u]:
            continue
        for v, w in adj[u]:
            nd = du + w + h[u] - h[v]
            if nd < d[v]:
                d[v] = nd
                heapq.heappush(pq, (nd, v))
    return [x if x == INF else x - h[s] + h[v]
            for v, x in enumerate(d)]
```

`potentials` ஒரே முறை ஓடும். `from_source` ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு முறை.

நேரக் கணக்கு: ஃபிளாய்ட்-வார்ஷல் முனைகளின் எண்ணிக்கையின் கனம், உங்களுக்கு 8,000-இன் கனம், சுமார் 51,200 கோடி படிகள். விளிம்புகள் எத்தனை என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. ஜான்சன் முறையில் பெல்மன்-ஃபோர்ட் மிக மோசமான நிலையில் 8,000 × 20,000 = 16 கோடி; மாற்றம் நின்றதும் வெளியேறுவதால் நடைமுறையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பிறகு 8,000 டைக்ஸ்ட்ரா, ஒவ்வொன்றும் 20,000 விளிம்புகளைப் பார்த்து ஹீப்பில் சுமார் 13 படிகள் ஏறி இறங்கும். மொத்தம் ஏறத்தாழ 200 கோடி. இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதற்கு மேல், ஒரு சந்திப்பின் டைக்ஸ்ட்ராவுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை என்பதால் ப்ராசசர் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். விடைப் பட்டியல் மட்டும் 6.4 கோடி எண்கள், 8 பைட் வீதம் 512 எம்பி. நினைவகம் போதாவிட்டால் ஒவ்வொரு வரிசையையும் கணக்கிட்டதும் கோப்பில் எழுதிவிடுங்கள். ஃபிளாய்ட்-வார்ஷல் முழு அட்டவணையையும் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும், இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்று மட்டும், ஒவ்வொரு முனையும் பெரும்பாலான முனைகளோடு இணைந்த அடர்ந்த கிராஃபாக இருந்தால் இந்த லாபம் இருக்காது. அங்கே ஃபிளாய்ட்-வார்ஷல்தான் எளிது, வேகமும்கூட.

இனி எங்கே இடறும் என்று சொல்கிறேன்.

`potentials` `None` என்று திரும்பினால் கிராஃபில் மைனஸ் சுழற்சி இருக்கிறது, அதாவது ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்தச் செலவு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. எவ்வளவு சுற்றினாலும் இன்னும் குறையும் என்பதால் குறைந்தபட்சச் செலவு என்று ஒன்றே அங்கு கிடையாது. `h`-ஐ எப்படி மாற்றினாலும் இது சரியாகாது, ஏனென்றால் சுழற்சியின் மொத்தத்தை `h` தொடுவதே இல்லை என்று மேலே பார்த்தோம். உங்கள் கிராஃபில் இதற்குப் பொருள், சுற்றிச் சுற்றி வந்தே கார் சார்ஜ் ஏறுகிறது என்பது. அது நடக்காத காரியம் என்பதால் பிழை தரவில்தான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டிய இடம், ஒரே சந்திப்பில் சேரும் இரண்டு சாலைத் துண்டுகளும் அந்தச் சந்திப்புக்கு ஒரே உயரத்தை வைத்திருக்கின்றனவா என்பது. ஒன்று 1,212 மீட்டர் என்றும் மற்றது 1,205 என்றும் சொன்னால் அந்த 7 மீட்டர் இலவச ஆற்றலாகக் கணக்கில் நுழைந்துவிடும். பாலமும் சுரங்கப்பாதையும் இன்னொரு வழக்கமான குற்றவாளி, தரைமட்ட உயரத்தை அவற்றுக்குப் போட்டிருப்பார்கள். சுழற்சியைப் பிடிக்க, `h[v]` குறையும் ஒவ்வொரு முறையும் எந்த u-விலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். கடைசிச் சுற்றிலும் குறைந்த ஒரு முனையிலிருந்து n அடிகள் பின்னால் போனால் நிச்சயம் சுழற்சிக்குள் இருப்பீர்கள். அங்கிருந்து அதே முனைக்குத் திரும்பும் வரை போனால் எந்தெந்தச் சாலைகள் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, எடைகளைத் தசம எண்களாக வைக்காதீர்கள். தசமத்தில் 0 ஆக வேண்டிய `w'` −0.0000000001 போல வரும். வாட்-மணி போதிய நுணுக்கம் இல்லையென்றால் ஜூலுக்கு மாற்றி முழு எண்ணாக்குங்கள். முழு எண்ணில் எல்லாம் துல்லியம்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. மேலே எழுதிய டைக்ஸ்ட்ரா, ஒரு முனையை முடித்தாயிற்று என்று குறி வைத்து மூடுவதில்லை. மலிவான வழி பிறகு தெரிந்தால் மறுபடியும் ஹீப்பில் போடும். எனவே `h` தப்பாக இருந்து மைனஸ் எடைகள் மிச்சமிருந்தாலும், மைனஸ் சுழற்சி இல்லாதவரை விடை சரியாகவே வரும். நேரம் மட்டும் கட்டுக்கடங்காமல் போகலாம். குறி வைத்து மூடும் வகையில் எழுதினால் நேரம் ஒழுங்காக இருக்கும், விடை தப்பாகும். உங்களுக்கு வந்த தப்பான விடைக்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். எந்த வகையில் எழுதினாலும், ஓட்டுவதற்கு முன் எல்லா விளிம்பிலும் `w + h[u] - h[v] >= 0` என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். 20,000 ஒப்பீடுகள், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எட்ட முடியாத இடத்தின் விடையை `h`-ஆல் திருத்தாமல் அப்படியே விட வேண்டும், மேலே நிரலின் கடைசி வரி அதைத்தான் செய்கிறது. சி++-இல் முடிவிலிக்குப் பெரிய எண் ஒன்றை வைப்பவர்கள் இதை மறந்தால், வழியே இல்லாத இரண்டு ஊர்களுக்கு நடுவே விசித்திரமான ஒரு செலவு வந்து நிற்கும்.

உங்கள் கேள்விக்கு வெளியே இருந்தாலும் சொல்லாமல் விட முடியாத ஒரு வரம்பு இருக்கிறது. இதெல்லாம் செலவுகளை அப்படியே கூட்டலாம் என்ற அடிப்படையில் நிற்கிறது. பேட்டரி அப்படி நடக்காது. முழுச் சார்ஜில் மலை உச்சியிலிருந்து இறங்கினால் திரும்பும் 362 வாட்-மணியை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. மொத்தச் செலவு குறைவான பாதையிலும் நடுவில் ஓர் ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்து கார் நிற்கலாம். அந்த நிலையில் விளிம்பின் செலவு அப்போதைய சார்ஜைப் பொறுத்தது, ஒரு தனி எண்ணாக இருக்காது. ஐஸ்னர், ஃபுங்கே, ஷ்டோராண்ட் மூவரும் 2011-இல் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விளிம்பையும் சார்ஜின் மேல் ஒரு சார்பாக வைத்து, ஜான்சனின் இதே மாற்றத்தை அதற்கும் நீட்டி டைக்ஸ்ட்ராவை ஓட்டினார்கள். தூரங்கள் குறுகியவை, சார்ஜ் எப்போதும் நடுவாந்திரத்தில் இருக்கும் என்றால் உங்களுக்கு எளிய முறையே போதும். இல்லையென்றால் அடுத்த படி அந்தத் திசையில்தான்.

அப்புறம், சாலைகள் மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. மண்சரிவில் ஒரு சாலை மூடினால் அந்த விளிம்பை எடுத்துவிடுங்கள், பழைய `h` அப்படியே செல்லும். விளிம்பை நீக்குவதால் மற்ற விளிம்புகளின் `w'` மாறாது. ஓர் எடை கூடினாலும் அப்படியே. புதுச் சாலை சேர்ந்தாலோ எடை குறைந்தாலோ அந்த ஒரு விளிம்பில் மட்டும் `w'` மைனஸா என்று பாருங்கள். மைனஸ் இல்லையென்றால் `h`-ஐத் தொட வேண்டாம். மைனஸ் என்றால் `potentials`-ஐ 0-க்குப் பதில் பழைய `h`-இலிருந்தே தொடங்கி ஓட்டினால் போதும், பெரும்பாலும் சில சுற்றுகளிலேயே நின்றுவிடும். டைக்ஸ்ட்ராக்களை மட்டும் எப்படியும் மறுபடி ஓட்டியாக வேண்டும்.